நான்கு மாதத்துக் கையெழுத்து

2004 செப்டம்பர் 14, செவ்வாய்க்கிழமை. விடியலிலிருந்தே தூறல். குடை பிடித்தால் வெட்கமாகவும் பிடிக்காவிட்டால் ஈரமாகவும் இருக்கிற தூறல் அது.

குடிநீர்த் துறைக் கோட்ட அலுவலகத்தின் மாடியில், ‘ஓய்வூதியப் பிரிவு’ என்ற பலகைக்கு எதிரே கிடந்த பெஞ்சில் படிகாரம் உட்கார்ந்திருந்தார். பதினொரு மணிக்கு வரச்சொன்ன இடத்துக்கு ஒன்பதே முக்காலுக்கே வந்துவிட்டார். சட்டைப்பையில் நான்காக மடித்த கடிதம் ஒன்று இருந்தது. ‘தங்களுடன் பணிபுரிந்தவரின் பணிமுறிவு குறித்து வாக்குமூலம் அளிக்க நேரில் வரவும்’ என்பது அதன் சாரம். சாரத்தை அவர் மனப்பாடமாகவே அறிவார். இருந்தும் கை அடிக்கடி அந்தப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் அரசாங்கத் தாள்களில் மட்டுமே வாழ்ந்தது. நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் இருபத்தேழரை ஆண்டுகள், ஆற்றிலிருந்து வரும் கலங்கல் நீரில் படிகாரக் கரைசலை அளந்து ஊற்றியவர். அந்த வேலையால், சேர்ந்த மறு மாதமே ‘படிகாரம்’ ஆகிவிட்டார். நீரின் நிறத்தைப் பார்த்தே எத்தனை வாளி என்று சொல்லுவார். ஆய்வகத்து ஆள் சோதனைக் குழாயைத் தூக்குவதற்குள் அவர் ஊற்றி முடித்திருப்பார்.

அவரோடு ஒரே நாளில், 1976 ஜனவரி முதல் தேதியன்று, ஒரே வரிசையில் நின்று தினக்கூலியாகச் சேர்ந்தவர் வால்வு. ஆளுயரக் குழாய்களின் வால்வுகளைத் திறந்து மூடியவர் அவர். இடக்கைப் பழக்கக்காரர், எல்லாரும் வலப்புறம் சாய்ந்து சக்கரத்தைச் சுற்றினால் இவர் இடப்புறம் சாய்ந்து சுற்றுவார். இன்றைய விசாரணை அவருடையது.

தூறலைத் தலையில் சுமந்தபடி வால்வு படியேறி வந்தார். கையில் குடை இருந்தது, அது விரிக்கப்படவில்லை.

“ஏம்பா, குடையைக் கையில வச்சுக்கிட்டு நனைஞ்சுட்டு வர்றே?”

“கம்பி ரெண்டு ஒடிஞ்சு கிடக்கு. விரிச்சா ஊரே சிரிக்கும். நனைஞ்சா நான் மட்டுந்தான் நனைவேன்.” வால்வு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சாப்பிட்டியா?”

“ஆச்சு. சைக்கிள் ஸ்டாண்டுல லீவு சொன்னியா?”

“லீவா? அங்கே லீவுன்னு ஒண்ணு இருந்தாத்தானே சொல்றதுக்கு. இன்னிக்கு வரல, இன்னிக்குக் கூலி இல்ல, அவ்வளவுதான். தினக்கூலியா ஆரம்பிச்சேன், தினக்கூலியாவே முடிக்கிறேன். வட்டம் அழகா வந்திருக்கு பாரு.”

படிகாரம் சிரிக்க முயன்றார். ஓய்வு பெற்ற பிறகும் சைக்கிள் நிறுத்தத்தில் நாள் முழுவதும் நின்று சீட்டுக் கிழிக்கிற இந்த மனிதர் தம்மை ஒரு வார்த்தை குறை சொல்லியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். வால்வு சொன்னதே இல்லை. கடன்காரன் வாசலில் வந்து கத்தினால் பதிலுக்குக் கத்தலாம். கும்பிட்டுவிட்டுப் போனால் என்ன செய்வது?

அந்தக் கடனின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்வதே முறை.

சுத்திகரிப்பு நிலையத்தில் தினக்கூலிகளின் உலகம் ஒரு நீளமான நோட்டுக்குள் இருந்தது. அதற்கு மஸ்டர் என்று பெயர். அதில் பெயர் இருந்தால் ஆள் உண்டு. இல்லையென்றால் எதிரே வந்து நின்றாலும் ஆள் இல்லை. விடுப்பு கிடையாது. வராத நாளுக்குக் கூலியும் கிடையாது. பத்து நாள் தொடர்ந்து வராவிட்டால் ஓவர்சியர் பெயரை அடித்துவிடுவார். அடிபட்ட பெயரைத் திரும்ப எழுதுவதும் எழுதாமல் விடுவதும் அவருடைய சித்தம்.

1990 ஆகஸ்டு கடைசியில், வடிகட்டித் தொட்டியைக் கழுவ இறங்கிய படிகாரம் படிக்கட்டுப் பாசியில் வழுக்கினார். பன்னிரண்டடி ஆழம். வலது கணைக்கால் எலும்பு இரண்டு இடங்களில் முறிந்தது. அந்தப் படிக்கட்டுக்குக் கைப்பிடி போடவேண்டும் என்று இரண்டாண்டுகளாக எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே விபத்து என்று எழுதினால் முதலில் மாட்டுபவர் ஓவர்சியர். அவர் எழுதவில்லை. ஆனால் அவருக்கும் மனச்சாட்சி இருந்தது. நாற்பத்தைந்து வயதில் காலொடிந்தவனின் பெயரை அடிக்கக் கை வரவில்லை.

“நாலு பேர் நிக்கிற ஷிப்ட்ல மூணு பேர்தான் நிக்கிறீங்க. நாலு பேருக்குக் கூலி எழுத முடியாதுப்பா. ஏதாவது ஒரு பேர் போயாகணும்” என்றார் ஓவர்சியர்.

வால்வு ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “அப்படின்னா என் பேரை அடிங்க சார். நான் அவன் பேர்ல நிக்கிறேன்.”

“உனக்குப் பைத்தியமா?”

“இல்ல சார். எனக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கு. எப்ப வேணா திரும்ப எழுதிக்குவீங்க. அவன் பேரை அடிச்சீங்கன்னா, நாளைக்கு அவன் நொண்டிக்கிட்டு வந்து வேலை கேட்டா யாரு எடுப்பா? பேர்ல என்ன சார் இருக்கு. வேலை ஒண்ணுதான், கூலி ஒண்ணுதான்.”

அன்று அது உண்மைதான். நாளுக்கு நாள் கூலி வாங்குகிறவனுக்கு நேற்றைய பெயரால் என்ன பயன்? நிரந்தரம், ஓய்வூதியம் என்ற சொற்களெல்லாம் மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்தவர்களுடையவை.

எனவே செப்டம்பர் முதல் டிசம்பர் முடிய நான்கு மாதங்கள், மஸ்டரில் வால்வின் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு ஓடியது. படிகாரத்தின் பெயருக்கு நேரே தினமும் கையெழுத்து விழுந்தது. படிகாரத்தின் கையெழுத்தை வால்வு கிழிந்த படிகாரச் சாக்கின்மேல் கரித்துண்டால் எழுதிப் பழகினார். எழுத்தெல்லாம் சரியாக வந்தது. ஆனால் இடக்கைக்காரர் போட்டதாகையால் கையெழுத்து மொத்தமும் இடப்புறம் சாய்ந்து நின்றது, காற்றில் சாய்ந்த வேலிபோல. வாரந்தோறும் கூலியில் பாதியைப் படிகாரத்தின் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். “இது உன் புருசன் பேர்ல வந்த கூலி. பாதி அவன் பேருக்கு, பாதி என் முதுகுக்கு” என்று படிகாரத்தின் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பாராம்.

1991 ஜனவரி முதல் தேதியன்று படிகாரம் கம்பூன்றி வேலைக்கு வந்தார். அன்றே வால்வின் பெயர் மஸ்டரின் கடைசி வரியில் புதிதாக எழுதப்பட்டது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஓவர்சியர் அதற்கு ஆறு ஆண்டுகளுக்குப் பின் காலமானார்.

1999 ஜனவரி முதல் தேதியிலிருந்து இருவரும் நிரந்தரமானார்கள். அப்போதுதான் விதி என்று ஒன்று அவர்கள் வாழ்க்கைக்குள் வந்தது. மாதாமாதம் ஓய்வூதியம் பெறக் குறைந்தது பத்தாண்டுத் தகுதிப் பணிக்காலம் வேண்டும். நிரந்தரமான பின் பார்த்த வேலை முழுமையாகச் சேரும். அதற்கு முன் பார்த்த தினக்கூலிக் காலத்தில் பாதி சேரும். ஆனால் அது முழுநேர வேலையாக இருந்திருக்க வேண்டும், நிரந்தரப் பணியோடு முறிவின்றி ஒட்டி வந்திருக்க வேண்டும். நடுவில் முறிவு இருந்தால், முறிவுக்கு முந்தைய ஆண்டுகள் அனைத்தும் ஆற்றோடு போனவைதாம்.

2003 ஜூனில் படிகாரம் ஓய்வு பெற்றார். இருபத்து மூன்றாண்டுத் தினக்கூலிக்குப் பாதி பதினொன்றரை, நிரந்தரப் பணி நாலரை, ஆகப் பதினாறு. ஓய்வூதியம் வந்தது. அதற்குமுன் ஒரு படிவத்தில், ‘எனது பணிக்காலத்தில் முறிவு ஏதும் இல்லை’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துக் கேட்டார்கள். அந்தக் கணத்தில் நான்கு மாதங்கள் அவர் நினைவில் வந்து நின்றன. கை நடுங்கியது என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும், ஆனால் நடுங்கவில்லை. பேனா நன்றாகவே எழுதியது.

அதே ஆண்டு டிசம்பரில் வால்வு ஓய்வு பெற்றார். அவருக்கு நிரந்தரப் பணி ஐந்தாண்டு. தினக்கூலியில் 1991 முதல் எட்டாண்டுகள் மட்டுமே கணக்கில் வந்தன, பாதி நான்கு. ஆக ஒன்பது. பத்துக்கு ஒன்று குறைவு. ஒரேமுறை தரும் பணிக்கொடையோடு கோப்பை மூடிவிட்டார்கள். அவர் மேல்முறையீட்டு மனு எழுதினார். ‘நான் இடைவிடாமல் வேலை பார்த்தேன்’ என்பதற்குமேல் அதில் ஒரு வரியும் இல்லை. எப்படி, யார் பெயரில் என்று எழுதவில்லை.

மனுவோடு வைக்க உடன்பணியாளர் சான்று ஒன்று வேண்டும் என்றார்கள். அதற்காகத்தான் போன மாதம் வால்வு படிகாரத்தின் வீட்டுக்கு வந்தார். தட்டச்சு செய்த தாளை நீட்டினார். ‘மேற்படி நான்கு மாதங்களும் இவர் என்னுடன் ஒரே ஷிப்டில் பணிபுரிந்தார்’ என்றிருந்தது.

“இதுல கையெழுத்துப் போட்டாப் போதுமா?” என்றார் படிகாரம்.

“போதும். நீயும் இருந்தே, நானும் இருந்தேன், ஓவர்சியர் என் பேரை எழுத மறந்துட்டாரு. செத்தவர் மேல போட்டுருவோம். அவரு கோவிச்சுக்க மாட்டாரு.”

“நான் இல்லையேப்பா அங்கே.”

“அதை ஏன் இப்ப கிளறுறே? அதைச் சொன்னா உன்னுதும் போயிடும். நான் கேக்கறது ஒரு கையெழுத்து. நான் உனக்காக நாலு மாசம் போட்டேன். நீ எனக்காக ஒண்ணு போடு.” சொல்லிவிட்டு வால்வே நாக்கைக் கடித்துக்கொண்டார். “விளையாட்டுக்குச் சொன்னேன்டா. மூஞ்சியை ஏன் அப்படி வச்சுக்கறே?”

படிகாரம் போட்டார். இரண்டாவது பொய்யும் முதலாவதைப்போலவே சுலபமாக வந்தது. அதுதான் அவரை உறுத்தியது. 

ஒரு வாரம் கழித்து அவர் மட்டும் தனியாக இதே மாடிக்கு வந்தார். பிரிவு எழுத்தர் ஒரு பெண்மணி. மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்க்கிறவர்.

“அம்மா, ஒரு சந்தேகம். எனக்கில்ல, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு.”

“சொல்லுங்க. இங்கே வர்றவங்க யாருக்கும் அவங்களுக்குன்னு சந்தேகமே வர்றதில்ல.”

“ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் வேலை பார்த்திருக்கார். நாலு மாசம். அது தெரிய வந்தா என்ன ஆகும்?”

“யார் உண்மையிலே வேலை பார்த்தாரோ, அவருக்கு முறிவு இல்லேன்னு எழுதிக் கேக்கலாம், சாட்சியும் கையெழுத்தும் பொருந்தினா. பேர் மட்டும் இருந்தவருக்கு அந்த நாலு மாசம் முறிவாயிடும்.” எழுத்தர் பேனாவை மூடினார். “அந்த ஒருத்தர் இப்ப ஓய்வூதியம் வாங்கிட்டிருக்காரா?”

“வாங்குறார்னு வச்சுக்குங்களேன்.”

“அப்ப முடிவாகிற வரைக்கும் நிறுத்தி வைப்பாங்க. வாங்கினதைத் திருப்பிக் கட்டச் சொன்னாலும் சொல்லலாம். பொய்யா உறுதிமொழி குடுத்ததுக்குத் தனியா விளக்கம் கேப்பாங்க. அவர் ஏன் வரலே அந்த நாலு மாசம்?”

“வேலையிலே கால் ஒடிஞ்சுது.”

“ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப அந்த முறிவை மன்னிக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதலாம். மன்னிச்சா உண்டு. மன்னிக்கலேன்னா நாம ஒண்ணும் செய்ய முடியாது. நான் உறுதி சொல்ல மாட்டேன் ஐயா.” அவர் மறுபடியும் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “அந்த ஒருத்தரை நான் விசாரிச்சதாச் சொல்லுங்க.”

அன்றிலிருந்து படிகாரம் தட்டில் பாதியை மீதம் வைத்தார். மனம் தெளிய எதை ஊற்றுவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஊர்த் தண்ணீரையெல்லாம் தெளியவைத்தவர், தம் வீட்டுக்குள் கலங்கிக்கொண்டிருந்தார். தட்டின் முன் உட்கார்ந்தால் சைக்கிள் நிறுத்தமும், அங்கே நின்றுகொண்டே சாப்பிடும் வால்வும் கண்ணில் தெரிந்தனர். ஓய்வூதியம் வாங்கப் போன நாளில், வங்கிக்குப் போகும் வழக்கமான தெருவை விட்டுச் சுற்றிப் போனார். நேர்வழியில் அந்தச் சைக்கிள் நிறுத்தம் இருந்தது.

இன்று காலை புறப்படும்போது மனைவி ஆஸ்பத்திரிச் சீட்டைக் கவனித்துவிட்டாள். பதினான்கு ஆண்டுப் பழுப்பேறிய தாள். கடிதத்தோடு சேர்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

“அது எதுக்கு?”

“சும்மா. கையோட இருக்கட்டும்.”

“சும்மா இருக்கறவர் அதை எடுக்க மாட்டீங்க.” அவள் கதவோரம் நின்றாள். சர்க்கரை நோய்க்காரி, மருந்து மாத்திரையும் கால்புண்ணுக்குக் கட்டுப்போடுவதும் ஓய்வூதியத்தில்தான் நடந்தன. “ஏங்க, அந்த நாலு மாசம் நம்ம வீட்டுல உலை கொதிச்சது அந்த அண்ணனாலேன்னு எனக்கு மறக்கலே. ஆனா ரெண்டு வீடும் சேர்ந்து தெருவுக்கு வந்து அவருக்கு என்ன லாபம்?”

“ரெண்டு வீடும் வராது. ஒரு வீடு ஏற்கெனவே வந்தாச்சு.”

அவள் கதவைத் திறந்துவிட்டு நகர்ந்து நின்றாள். பிறகு, “நான் பொய் சொல்லச் சொல்லலே. கேக்காததைச் சொல்லாதீங்கன்னுதான் சொல்றேன்” என்றாள்.

படிகாரம் அந்த வாக்கியத்தை வழி நெடுகப் பிடித்துக்கொண்டு வந்தார். நல்ல வாக்கியம். கைப்பிடிபோல இருந்தது.

பதினொன்றரைக்கு அவர்களை உள்ளே அழைத்தார்கள். விசாரிக்க உட்கார்ந்திருந்த கண்காணிப்பாளருக்குச் சளி, கைக்குட்டையை மடியிலேயே வைத்திருந்தார். மேசைமேல் பழைய மஸ்டர்கள், கிடங்கிலிருந்து வந்த தூசியோடும் பூச்சி மருந்து வாசனையோடும், துணிக்கட்டு அவிழ்ந்து கிடந்தன. எழுத்தர் பக்கத்து மேசையில் தாளும் பேனாவுமாக இருந்தார். படிகாரத்தைப் பார்த்தார், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“உட்காருங்க” என்றார் கண்காணிப்பாளர். 1990 செப்டம்பர்ப் பக்கத்தைத் திருப்பி வால்வின் பக்கம் நகர்த்தினார். “இதுல உங்க பேருக்கு நேரே சிவப்புக் கோடு. அக்டோபர், நவம்பர், டிசம்பர், எல்லாம் அப்படியே. நீங்க வேலை பார்த்தேன்னு சொல்றீங்க.”

“பார்த்தேன் சார்.”

“அப்ப ஏன் கையெழுத்து இல்ல?”

“ஓவர்சியர் எழுத மறந்திருப்பாரு சார்.”

“நாலு மாசமாவா மறப்பாரு?” கண்காணிப்பாளர் தும்மினார். “சரி, மறந்தார். கூலி?”

“ம்?”

“கூலிப் பட்டியல்லயும் உங்க பேர் இல்ல. நாலு மாசம் கூலி இல்லாம வேலை பார்த்தீங்களா?”

வால்வு வாயைத் திறந்தார். செத்தவர்மேல் போட்டுவிடலாம் என்று அவர் கட்டிய கதையில் கூலிக்கு இடமே வைக்கவில்லை. இடப்பக்கம் சாய்ந்த தோள் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. “ஆமா சார்” என்றார்.

“பெரியவரே, நான் உங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு உட்காரலே. ஆனா கூலி வாங்காம நாலு மாசம் வால்வு திருப்பினார்னு நான் எழுதி அனுப்பினா, மேல இருக்கறவங்க என்னைத்தான் திருப்புவாங்க.” அவர் படிகாரத்தின் சான்றை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். “இந்தச் சான்று மஸ்டருக்கு முன்னால நிக்காது. உங்ககிட்ட வேறே ஏதும் ஆதாரம் உண்டா?”

“இல்ல சார்.”

“சொல்ல வேண்டியது?”

வால்வு படிகாரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமலிருக்க அவர் படும் பாடு படிகாரத்துக்குக் கழுத்து நரம்பில் தெரிந்தது. “ஒண்ணும் இல்ல சார். குடுத்து வச்சது அவ்வளவுதான்.”

“எழுதிக்குங்க. முறிவு உறுதி செய்யப்பட்டது, மனு நிராகரிக்கப் பரிந்துரை.” எழுத்தரின் பேனா நகரத் தொடங்கியது. கண்காணிப்பாளர் மஸ்டரை மூடப் போனார். ஏதோ கண்ணில் பட்டு நிறுத்தினார். மேல் வரியில் படிகாரத்தின் கையெழுத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். ஆகஸ்டுப் பக்கத்துக்குத் திரும்பினார். மறுபடியும் செப்டம்பருக்கு வந்தார். 1991 ஜனவரிக்குப் போனார்.

ஆகஸ்டில் நேராக நின்ற கையெழுத்து, செப்டம்பரில் இடப்பக்கம் சாய்ந்தது. ஜனவரியில் மீண்டும் நிமிர்ந்து நின்றது.

எழுத்தர் எழுதுவதை நிறுத்தினார்.

வால்வு மேசைக்கடியில் படிகாரத்தின் காலை மெல்ல மிதித்தார். ஒடிந்து கூடிய வலது காலை. வலிக்கவில்லை. ‘கேக்காததைச் சொல்லாதீங்க’ என்ற கைப்பிடியைப் படிகாரம் கடைசியாக ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து பழுப்புத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

கண்காணிப்பாளர் தாளைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தார்.

“ஐயா, இந்த நாலு மாசமும் இங்கே உங்க பேருக்கு நேரே இருக்கிறது உங்க கையெழுத்தா?”

“இல்லீங்க. அது அவன் போட்டது. அந்த நாலு மாசமும் வேலை பார்த்தது அவன். நான் கால் ஒடிஞ்சு வீட்டுல படுத்திருந்தேன்.”